‘இவ்வே’, ‘அவ்வே’: ஔவையின் ஒன்பது வரி

கவிதை என்றாலே ஒதுங்கிப் போகிற ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். நல்ல படிப்பாளிகள். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார்கள், தடிமனான நாவலை ஒரு வாரத்தில் முடிப்பார்கள். நான்கு வரிப் பாட்டு ஒன்றை நீட்டினால் மட்டும் “நமக்கு அதெல்லாம் வராதுங்க” என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு முன்னால் கேள்வித்தாள் வந்து நின்றதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். திணை என்ன, துறை என்ன, அருஞ்சொற்பொருள் என்ன என்று கேட்டார்களே தவிர, இதில் யார் பேசுகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள், எதைக் காட்டிப் பேசுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை இங்கே படித்துப் பார்க்கலாம்.

தர்மபுரிக்காரர்களுக்கு இது சொந்தப் பாட்டு. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவனுடைய நண்பர் ஔவையாரையும் பற்றி இங்கே யாரிடம் கேட்டாலும் நெல்லிக்கனிக் கதை வரும். அதற்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் பிடித்தது இந்த வேல் பாட்டு. புறநானூற்றில் 95ஆவது பாட்டு. முதலில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பொருள் தெரியாவிட்டால் பரவாயில்லை.

இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டிக்
கண்திரள் நோன்காழ் திருத்தி நெய் அணிந்து
கடியுடை வியன்நகர் அவ்வே, அவ்வே,
பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து
கொல்துறைக் குற்றில மாதோ, என்றும்
உண்டாயின் பதம் கொடுத்து,
இல்லாயின் உடன் உண்ணும்,
இல்லோர் ஒக்கல் தலைவன்,
அண்ணல் எம் கோமான் வைந்நுதி வேலே.

யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார் என்பதற்குப் பதில் பாட்டின் அடியில் உள்ள குறிப்பில் இருக்கிறது. அதியமான் தூது அனுப்ப, ஔவை பகையரசனான தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். அதைப் பார்த்து அவர் பாடியது என்று சொல்கிறது குறிப்பு. இந்தக் குறிப்பு பாட்டின் பகுதி இல்லை, பாட்டுகளைத் தொகுத்தவர்கள் பின்னால் சேர்த்தது. பாட்டுக்குள் தேடினால் தொண்டைமான் பெயர் இல்லை, தூது என்ற சொல் இல்லை, போர் வேண்டாம் என்ற பேச்சும் இல்லை. இது முக்கியம். ஔவை அவனைக் கேலி செய்தார், மிரட்டினார், போரை நிறுத்தினார் என்று நாம் கதையாகக் கேட்டிருப்பதில் ஒரு வார்த்தைகூட ஒன்பது வரிக்குள் கிடையாது. அப்படியானால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

முதல் சொல்லைப் பாருங்கள். ‘இவ்வே.’ இவை. கையெட்டும் தூரத்தில் இருப்பவை. மூன்றாவது வரியின் கடைசியில் ‘அவ்வே’. அவை. இங்கே இல்லாதவை, பல நாள் நடைத் தொலைவில் தகடூரில் இருப்பவை. இந்த இரண்டு சுட்டுகள்தான் பாட்டின் எலும்பு. இவை இப்படி, அவை அப்படி. அவ்வளவுதான் வாக்கியம். பழைய பாட்டில் தடுமாறினால் இப்படி எலும்பை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், சதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

‘இவை’ எப்படி இருக்கின்றன? மயில் பீலி அணிந்திருக்கின்றன. மாலை சூட்டியிருக்கிறார்கள். திரண்ட வலுவான காம்பைச் செப்பம் செய்து, நெய் பூசி, காவல் உள்ள அகன்ற மாளிகையில் வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் அகராதி தேவைப்படுகிற ‘நோன்காழ்’ போன்ற சொல்லால் ஆபத்து இல்லை. தெரியாது என்று தெரிவதால் தேடிப் பார்த்துவிடுவோம். வலிய காம்பு என்று பதில் கிடைத்துவிடும். நமக்குத் தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் காலை வாரிவிடும். ‘நகர்’ என்றதும் ஊர் என்று எடுத்துக்கொள்வோம், இங்கே அது மாளிகை. ‘கடி’ என்றால் காவல். ‘கோடு’ நாம் ஸ்கேல் வைத்துப் போடும் கோடு இல்லை, வேலின் பக்கவாட்டு விளிம்பு. ‘பதம்’ என்றால் சோறு. சங்கப் பாட்டில் ஒரு வரி பொருந்தாமல் உறுத்தினால், அந்த வரியிலேயே மிகப் பழக்கமான சொல்லைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அடுத்து, ‘அவை’. பகைவரைக் குத்தி, விளிம்பும் முனையும் சிதைந்து, கொல்லன் வேலை செய்கிற சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. ‘மாதோ’ என்பது அசைச்சொல். அதற்குத் தனியாகப் பொருள் இல்லை, விட்டுவிட்டுப் போகலாம்.

இப்போது இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தொண்டைமானின் ஆயுதங்களுக்கு என்னென்ன நடக்கிறது? அணிந்து, சூட்டி, திருத்தி, மறுபடியும் அணிந்து. நான்கு வினைகள். நான்கும் யாரோ அந்த ஆயுதங்களுக்குச் செய்கிற பணிவிடை. ஆயுதங்கள் எதையும் செய்யவில்லை. எண்ணெய்கூட அங்கே ஓர் அணிகலன் ஆகிவிட்டது: பீலி அணிந்தது போலவே நெய்யையும் ‘அணிந்து’ நிற்கின்றன. அதியமானின் வேலுக்கு ‘குத்தி’ என்று ஒரே ஒரு வினை. அதைச் செய்தது வேல். அதற்கு அந்த வேல் கொடுத்த விலைதான் ‘சிதைந்து’. அந்தப் பக்கம் இருப்பது ‘வியன்நகர்’, அகன்ற மாளிகை. இந்தப் பக்கம் ‘குற்றில்’, குறுகிய குடில்.

ஒலியையும் கவனியுங்கள். மூன்றாவது வரியை நிறுத்தாமல் சொன்னால் ‘நகரவ்வே அவ்வே’ என்று வரும். ஒரே ஓசை இரண்டு முறை. முதலாவது தொண்டைமானின் மாளிகைக் கதவைச் சாத்துகிறது, இரண்டாவது தகடூர்ப் பக்கம் திறக்கிறது. நடுவில் ‘ஆனால்’ என்ற சொல் இல்லை. ‘ஆனால்’ என்று சொல்லியிருந்தால் ஒப்பிட்டதாகிவிடும், விருந்தாளி வீட்டுக்காரரைக் குறை சொன்னதாகிவிடும். ஔவை தூது வந்தவர். அவர் சொன்னதெல்லாம் இரண்டு பொருள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற தகவல் மட்டும். உன்னுடையவை அழகாக, பத்திரமாக, பெரிய வீட்டில் இருக்கின்றன. எங்களுடையவை உடைந்து, பட்டறையில் கிடக்கின்றன. சொல் சொல்லாகப் பிரித்தால் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி, அதியமானுக்குக் குறைச்சல். கோபித்துக்கொள்ள ஒரு சொல்லைக்கூட அவனால் பிடித்து இழுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஏதாவது படிப்போம். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிற ஓர் அண்ணன் வருவார். இந்தப் பாட்டைப் படித்த அன்று அவர் நேராகக் கேட்டார்: “டீச்சர், பொருளைச் சுத்தமா, எண்ணெய் போட்டு வெச்சிருக்கிறது நல்ல பழக்கம்தானே? அதைப் போய் எதுக்கு அந்தம்மா சொல்லிக் காட்டணும்?”

இதுவரை இந்தப் பாட்டைப் பற்றி நான் கேட்டதில் சிறந்த கேள்வி இது. எண்ணெய் பூசாத இரும்பு துருப்பிடிக்கும், அது தவறே இல்லை. இன்னும் சொல்லப் போனால், ஆயுதத்துக்கு நீராட்டி, அலங்கரித்து, வாழ்த்துவது அந்தக் காலத்தில் ஒரு சடங்கு. ‘வாள் மங்கலம்’ என்றே அதற்கு ஒரு துறை உண்டு. இந்தப் பாட்டையும் அந்தத் துறையில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே தொண்டைமான் தன் ஆயுதங்களை முறைப்படிதான் வைத்திருந்தான். ஆயுத பூஜை அன்று நம் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பேனரும் சுத்தியலும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப்பூ சாத்தி வரிசையாக இருக்கும். அன்றைக்கு அவற்றை யாரும் தொட்டு வேலை செய்ய மாட்டார்கள். ஔவை பார்த்தது அந்தக் கோலத்தை. வருஷம் முழுக்க அதே கோலத்தில் இருந்தால் என்ன அர்த்தம் என்பதை அவர் சொல்லவில்லை. கேட்கிறவன் தானே வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ பூஜையைத் தப்புன்னு சொல்லல, மறுநாள் வேலையைக் காட்டுன்னு கேக்கறாங்க” என்றார். இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

பட்டறை பற்றி இன்னொன்று. பென்னாகரம் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு கொல்லர் இருக்கிறார். மழைக்கு முன்னால் போனால் அவர் பட்டறை வாசலில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொழுவும் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காயம். கல்லில் பட்டு வாய் மடங்கியது, முனை தேய்ந்து மொண்ணையானது, ஓரம் பிளந்தது. முனையை மட்டும் உலையில் விட்டு, சிவந்து பழுத்ததும் பட்டடையில் வைத்து அடித்து, மறுபடி கூராக இழுத்து, சரியான நேரத்தில் தண்ணீரில் தோய்ப்பார். கொஞ்சம் அவசரப்பட்டாலோ தாமதித்தாலோ முனை ஒன்று நொறுங்கும், இல்லாவிட்டால் மழுங்கும். “இங்க வர்றதெல்லாம் வேலை செஞ்ச சாமானுங்க டீச்சர். வேலை செய்யாதது வூட்லயே கெடக்கும்” என்று ஒருமுறை சொன்னார். அவர் ஔவையைப் படித்தவர் இல்லை. பாட்டின் நான்காவது, ஐந்தாவது வரிகளை அவர் பட்டறை வாசலில் நின்று படித்தால் போதும், உரை வேண்டாம். இந்தப் பகுதியில் இரும்பு வேலைக்கு நீண்ட வரலாறும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். ஔவை ‘கொல்துறை’ என்று சொன்னபோதே அது இந்த மண்ணில் மிகப் பழைய தொழில்.

வழக்கமாக இந்தப் பாட்டை விளக்குகிறவர்கள் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். புகழ்வது போல இகழ்ந்தார், இகழ்வது போலப் புகழ்ந்தார், வஞ்சப்புகழ்ச்சி, முடிந்தது. எனக்கு இதில்தான் வருத்தம். ஐந்து வரிதானே ஆகியிருக்கிறது? இன்னும் நான்கு வரி மிச்சம் இருக்கிறது. கிட்டத்தட்ட பாதிப் பாட்டு. வேல் விஷயம் சொல்லி முடித்த பிறகு ஔவை ஏன் வாயை மூடவில்லை?

பாட்டைச் சரியாகப் படித்தோமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கடைசி நான்கு வரியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் புரிந்துகொண்ட பொருளில் ஏதாவது குறைகிறதா? ஒன்றும் குறையவில்லை என்றால், அந்த நான்கு வரியை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆறாவது வரியில் கண்ணுக்கே ஒரு மாற்றம் தெரியும். அதுவரை நீளமாகப் போன வரி சட்டென்று குட்டையாகிறது. ‘உண்டாயின் பதம் கொடுத்து.’ இருந்தால் சோறு கொடுப்பான். ‘இல்லாயின் உடன் உண்ணும்.’ இல்லாவிட்டால் சேர்ந்து சாப்பிடுவான். ‘இல்லோர் ஒக்கல் தலைவன்.’ இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன். படைக்கலக் கொட்டிலில் நின்றுகொண்டு ஔவை சோற்றைப் பற்றிப் பேசுகிறார்.

இந்த மூன்றில் இரண்டாவது வரி விசித்திரமானது. இல்லை என்றால் எதைச் சேர்ந்து சாப்பிடுவது? இருக்கிற கொஞ்சத்தைப் பகிர்ந்து உண்பான் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அதற்கு ஔவையே இன்னோரிடத்தில் விளக்கம் தந்திருக்கிறார். அதியமான் இறந்த பிறகு அவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 235. அதில் இப்படி வருகிறது:

சிறுசோற் றானும் நனிபல கலத்தன் மன்னே;
பெருஞ்சோற் றானும் நனிபல கலத்தன் மன்னே.

கலம் என்பது சாப்பிடுகிற பாத்திரம். சோறு நிறைய இருந்தபோதும் அவனைச் சுற்றிப் பல கலங்கள். சோறு கொஞ்சமாக இருந்தபோதும் அதே பல கலங்கள். சோற்றின் அளவு குறைந்தது, பந்தியில் உட்கார்ந்த ஆட்கள் குறையவில்லை. ‘மன்னே’ என்ற அசை ஒவ்வொன்றின் பின்னாலும் ‘அதெல்லாம் போயிற்றே’ என்று விழுகிறது. அதே பாட்டில் கள்ளைப் பற்றியும் சொல்கிறார். கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, மகிழ்ந்து தானும் குடிப்பான். உண்டாயின், இல்லாயின் என்று அவன் உயிரோடு இருந்தபோது பகையரசன் முன் சொன்னதையே, அவன் போன பிறகு கலங்களின் எண்ணிக்கையாகச் சொல்லி அழுகிறார். ஒருவரை நினைக்கும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் அவருடைய சாப்பாட்டுப் பழக்கம் நினைவுக்கு வருகிறது என்றால், பலமுறை அந்தப் பந்தியில் உட்கார்ந்தவருக்குத்தான் அப்படி வரும்.

அதனால் தொண்டைமான் முன்னால் ஔவை வைத்த பெரிய பலம் இந்தக் கடைசி நான்கு வரிதான் என்பது என் கருத்து. உடைந்த வேல் முன்னே நடந்த போர்களைச் சொல்கிறது. இனி ஒரு போர் வந்தால் அதியமானுக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்பதைச் சோறு சொல்கிறது. இல்லாத நாளில் கூட உட்கார்ந்து சாப்பிட்டவனை இல்லாதவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கொட்டிலைத் திறந்து காட்டிய தொண்டைமான் பொருளைக் காட்டினான். ஔவை பதிலுக்கு ஆட்களைக் காட்டினார். ‘ஒக்கல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். படை, வீரர், குடிமக்கள் எதுவும் இல்லை. சுற்றம், சொந்தக்காரர்கள். வறுமைப்பட்டவர்களின் சொந்தபந்தத்துக்கு மூத்தவன் என்கிறார். சிலர் இதை வள்ளல்தன்மையைப் புகழும் வழக்கமான வால் என்று தள்ளிவிடுவார்கள். வால் என்றால் கடைசிச் சொல் அங்கே இருக்காது.

கடைசிச் சொல் ‘வேலே’. இப்போது திரும்பிப் போய்ப் பாருங்கள், அதற்கு முன் பாட்டில் எங்காவது வேல் என்ற சொல் இருக்கிறதா? இல்லை. ‘இவ்வே’ என்று தொடங்கினார், எவை என்று சொல்லவில்லை. ‘அவ்வே’ என்றார், அப்போதும் சொல்லவில்லை. காம்பு வந்தது, விளிம்பு வந்தது, முனை வந்தது, பொருளின் பெயர் வரவில்லை. எழுவாய் இல்லாமல் ஒன்பது வரி நடந்து, கடைசி அடியில் கடைசிச் சீரில் அந்தப் பெயர் வந்து உட்காருகிறது. ‘அவை’ என்று சுட்டியதற்கும் ‘வேல்’ என்று பெயர் சொல்வதற்கும் இடையில் அதியமான் நிற்கிறான், அவனோடு சாப்பிட்டவர்கள் நிற்கிறார்கள். அந்த வேலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இது வரி அமைப்பு செய்கிற வேலை. உரைநடையில் ‘எங்கள் தலைவனின் வேல்கள் உடைந்து பட்டறையில் உள்ளன’ என்று மாற்றி எழுதினால் தகவல் அத்தனையும் இருக்கும், இந்த நிறுத்தி வைத்தல் மட்டும் போய்விடும்.

ஐந்தாவது வரியின் கடைசியில் ‘என்றும்’ என்று ஒரு சொல் தொங்குகிறது. அது எதோடு சேரும்? முன்னால் சேர்த்தால், அவன் வேல்கள் எப்போதும் பட்டறையில்தான் என்று வரும். பின்னால் சேர்த்தால், எப்போதும் இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் கூட உண்பான் என்று வரும். நான் பின்னால் சேர்த்தே படிக்கிறேன், எனக்கு அந்த அர்த்தம்தான் பிடித்திருக்கிறது. நீங்கள் முன்னால் சேர்த்துப் படித்தால் பாட்டு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. கவிதைக்குப் பயப்படுகிறவர்கள் இப்படி ஓரிடத்தில் தாங்களே முடிவெடுத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு விஷயம் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் அதைக் கண்டுபிடித்தாள். “டீச்சர், நாலாவது வரியில நுதி சிதைஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. கடைசி வரியில வைந்நுதி வேல்னு சொல்றாங்க. வைந்நுதின்னா கூரான முனைதானே? உடைஞ்சதா, கூரா இருக்கா?”

ஆமாம், ஒரே சொல், ‘நுதி’. ஒருமுறை சிதைந்து, ஒருமுறை கூர்மையாக. வேலுக்கு ‘வைந்நுதி’ என்பது பழக்கமான அடைமொழி, அப்படியே போட்டுவிட்டார் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியும். எனக்கு அது போதவில்லை. முதல் நுதிக்கும் இரண்டாவது நுதிக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று அவளையே பார்க்கச் சொன்னேன். கொல்லன் கொட்டில் இருக்கிறது. அப்புறம் சோறு இருக்கிறது. “அதுக்குள்ள அடிச்சுக் கூராக்கிட்டாங்களா?” என்றாள். பாட்டு பாடி முடிக்கிற நேரத்தில் தகடூரில் வேல் தயாராகிவிட்டது என்று அவள் படித்தாள். இதை உரைகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் பாட்டில் உள்ள சொற்கள் அந்தப் படிப்புக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை, தொண்டைமானுக்குப் போய்ச் சேர வேண்டிய சேதிக்கும் அது பொருத்தமாகவே இருக்கிறது.

இப்போது மறுபடி ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ‘நகரவ்வே’ என்ற இடத்தில் மூச்சு விடுங்கள். ‘மாதோ’வுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் நீளமாக நிறுத்துங்கள். உண்டாயின், இல்லாயின், இல்லோர் மூன்றையும் வேகப்படுத்தாமல் ஒவ்வொரு வரியாகத் தனித்தனியே சொல்லுங்கள். ‘அண்ணல் எம் கோமான்’ வரும்போது குரலை உயர்த்த வேண்டியதில்லை. அது தானாக உயரும்.